கிளெய்ம் மெயிலில் இணைப்புகளுக்குப் பெயர் வைப்பது பற்றி



கொஞ்சம் நீளமான பதிவு. ஆஸ்பத்திரிச் செலவைக் கையிலிருந்து கட்டிவிட்டு இன்சூரன்ஸ் பணத்துக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்கிறவர்கள் நம் கூட்டத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேருக்காவது "ஆவணம் குறைகிறது" என்று பதில் வருகிறது. "எல்லாம் அனுப்பினேனே, வேண்டுமென்றே இழுக்கிறான்" என்று கோபப்படுகிறார்கள். சில இடத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்த நாலைந்து கிளெய்ம்களில் பெரும்பாலும் நடந்தது வேறு. ஆவணம் அனுப்பப்பட்டிருந்தது, அந்த மேசையில் இருந்தவர் கண்ணில் அது படவில்லை.

என்னுடைய கருத்து இதுதான்: எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்று நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. கிளெய்ம் ஃபார்மிலேயே அது அச்சடித்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் திருப்புகிறோம்.

ஃபார்மை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கான கிளெய்ம் ஃபார்ம் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐஆர்டிஏஐ ஒரே மாதிரியாக வகுத்துக் கொடுத்தது. பகுதி ஏ நாம் நிரப்புவது, பகுதி பி ஆஸ்பத்திரி நிரப்புவது. பகுதி ஏ-யில், செலவுத் தொகைகளை எழுதும் பிரிவு ஈ-யிலேயே கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் இருக்கும். கையெழுத்திட்ட ஃபார்ம், முன்னறிவிப்பின் நகல், ஆஸ்பத்திரியின் மெயின் பில், பிரேக்கப் பில், பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், ஆபரேஷன் தியேட்டர் குறிப்பு, ஈசிஜி, பரிசோதனைக்கு டாக்டர் எழுதிய சீட்டு, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு, மற்றவை. பதிமூன்று வரி. அதற்கு அடுத்த பிரிவு எஃப் ஓர் அட்டவணை. அதில் பில் எண், தேதி, யார் கொடுத்தது, எதற்காக, எவ்வளவு என்று எழுத வேண்டும்.

அந்தப் பதிமூன்று வரிதான் வரிசை. எஃப் அட்டவணைதான் கணக்கு. உங்கள் இணைப்புகள் இந்த இரண்டோடும் ஒட்டிப் போனால் போதும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், சென்னையில் ஒரு டிபிஏ அலுவலகத்தில் இந்த மேசை வேலையையே சில வருடம் பார்த்தவள். டிபிஏ என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம் வேலையைப் பார்த்துக் கொடுக்கிற நிறுவனம். அவள் சொன்னதைக் கேட்டபிறகுதான் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. "சார், நாங்க முதல்ல மெயிலைப் படிக்கிறதே இல்லை. இணைப்பு எல்லாத்தையும் இறக்கி, ஒவ்வொண்ணும் என்னன்னு சிஸ்டத்துல குறிக்கணும். இது பில், இது சம்மரி, இது ரிப்போர்ட்னு. அதுக்கு அப்புறம் டாக்டர் ஒருத்தர் மருத்துவப் பகுதியைப் பார்ப்பார். இன்னொருத்தர் பில்லைத் தட்டுவார். அவங்க ரெண்டு பேரும் உங்க மெயிலைப் பார்க்கவே மாட்டாங்க" என்றாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மெயிலின் உடலில் "சார், மூன்றாவது போட்டோதான் ரசீது" என்று நாம் உருக்கமாக எழுதுவது முதல் ஆளோடு நின்றுவிடுகிறது. அவருக்கு அடுத்த ஆளிடம் போவது கோப்பும் கோப்பின் பெயரும் மட்டும். ஆகவே பெயர் தன்னந்தனியாக நின்று தன்னைச் சொல்ல வேண்டும். `IMG-20240611-WA0031.jpg` என்ற பெயர் எதையும் சொல்லாது. அது 2024 ஜூன் 11 அன்று வாட்ஸ்அப்பில் போன படம் என்பதைத் தவிர.

இனி ஒரு கிளெய்மை முழுதாகச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் நடந்தது. தங்கம் மயினி, வயது 68. 2024 ஜூன் 3ஆம் தேதி மழைக்கு நனைந்து கிடந்த அடுக்களைப் புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முதலில் பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஓர் ஆஸ்பத்திரி. இன்சூரன்ஸ் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி, ஆகவே கேஷ்லெஸ் கிடையாது. பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து ஜூன் 10ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் 1,86,400 ரூபாய். மூன்று தடவையாகக் கட்டினோம்: 50,000, 75,000, கடைசியாக 61,400. இதில் பெரும்பகுதி மயினியின் வளையலையும் சங்கிலியையும் வைத்து வாங்கிய நகைக்கடன். இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் திருப்ப முடியும். மாதம் தள்ளினால் வட்டி ஏறும்.

அண்ணன் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். பாலிசி எடுத்தது அவன்தான், மெயில் அனுப்பியதும் அவன்தான். இங்கிருந்து ஆள் ஆளாகப் போட்டோ எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவன் அப்படியே 43 படங்களையும் மூன்று மெயிலில் தள்ளிவிட்டான். ஜூன் 19ஆம் தேதி. ஜூலை 2ஆம் தேதி பதில் வந்தது, மூன்று ஆவணம் குறைகிறது என்று. ஒன்று, முழுத் தொகைக்கும் ரசீது. இரண்டு, உள்ளே வைத்த மூட்டின் ஸ்டிக்கர். மூன்று, ஆபரேஷன் தியேட்டர் குறிப்பு.

அந்த 43 படத்தையும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரசீது மூன்றும் இருந்தன. 17ஆம் படத்தில் ஒன்று, 38ஆம் படத்தில் ஒன்று, கடைசி ரசீது முதல் மெயிலிலேயே. மேசையில் இருந்தவர் 61,400-க்கான ரசீதை மட்டும் பார்த்திருக்கிறார். பில் 1,86,400, ரசீது 61,400 என்றால் கேட்கத்தான் செய்வார். ஸ்டிக்கர் 29ஆம் படத்தில், பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் அதிலுள்ள சின்ன எண்கள் வெறும் கறுப்புப் புள்ளிகள். தியேட்டர் குறிப்பு மட்டும் உண்மையிலேயே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டால்தான் கொடுப்பார்கள், நாங்கள் போய் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் எழுதிக்கொடுத்து வாங்கினோம்.

ஆக, கேட்ட மூன்றில் இரண்டு அவர்களிடமே இருந்தது.

இதில் நஷ்டம் எங்கே வருகிறது என்றால், கிளெய்மை முடிப்பதற்கு நிறுவனத்துக்கு உள்ள காலக்கெடு நாம் முதல் மெயில் அனுப்பிய நாளிலிருந்து ஓடுவதில்லை. மயினியின் பாலிசிப் புத்தகத்தில் உள்ள வாசகம், "தேவையான கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து" என்ற பொருளில் இருக்கிறது. உங்களுடையதிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரசீது கண்ணில் படாமல் போய் ஒரு கேள்வி வந்தால், கடிகாரம் நம் பக்கம் திரும்பிவிடும். கண்ணில் படாத ஆவணம், அந்தக் கணக்கில், கிடைக்காத ஆவணம்தான். அண்ணன் மகன், "அவங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கு சித்தப்பா, தேடிக்க மாட்டாங்களா?" என்றான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை எல்லா இடத்திலும் தேட முடியாது மக்கா, பெயரைத்தான் நிச்சயமாகத் தேட முடியும் என்றேன்.

இரண்டாம் தடவை அனுப்பியதை அப்படியே காட்டுகிறேன். கிளெய்ம் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 4417 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
4417_01_ClaimForm_A_B.pdf
4417_03_MainBill_2024-06-10_Rs186400.pdf
4417_04_BreakupBill_2024-06-10.pdf
4417_05_Receipts_3nos_Rs186400.pdf
4417_06_DischargeSummary_2024-06-10.pdf
4417_07_Pharmacy_11bills_Rs14260.pdf
4417_08_OTNotes_2024-06-05.pdf
```

முழுப் பட்டியல் 18 வரை போனது, இடம் கருதி இத்தோடு நிறுத்துகிறேன். பெயரில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு.

முன்னால் 4417. கோப்பு மெயிலை விட்டுப் பிரிந்து வேறு எங்காவது போய் விழுந்தாலும் எந்தக் கிளெய்முடையது என்று தெரியும். கிளெய்ம் எண் இன்னும் வரவில்லை என்றால் பாலிசி எண்ணின் கடைசி இலக்கங்கள்.

அடுத்தது ஃபார்மில் உள்ள வரி எண். 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். பல சிஸ்டங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும். அப்போது 10, 11 எல்லாம் 2-க்கு முன்னால் வந்து நிற்கும். முன்னால் ஒரு பூஜ்யம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நம் பள்ளிக்கூடப் பதிவேட்டில் வரிசை எண் தப்பினால் தலைமையாசிரியரிடம் என்ன கேட்போம் என்று உங்களில் ஆசிரியராகப் போனவர்களுக்குத் தெரியும்.

02 எங்கே என்று கேட்பீர்கள். முன்னறிவிப்பைப் போனில் சொன்னதால் நகல் கிடையாது. அதனால் அந்த எண்ணைக் காலியாக விட்டேன். இல்லாததற்கு அடுத்ததை இழுத்துப் போட்டு எண்ணை மாற்ற வேண்டாம். மெயிலில், "02 முன்னறிவிப்பு: போனில் சொன்னது, நகல் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். 03 எப்போதும் மெயின் பில்லாகவே இருக்கட்டும்.

பிறகு ஆவணத்தின் பெயர், மேசையில் அவர்கள் சொல்கிற பெயராலே. "ஆஸ்பத்திரி பேப்பர்", "அம்மா ரிப்போர்ட் புதுசு" என்றெல்லாம் வைப்பது நமக்குப் புரியும், அவர்களுக்குப் புரியாது. இங்கே தமிழ் எழுத்தில் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனாலும் சில சிஸ்டங்களில் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது. இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். சாய்கோடு, `#`, `&` போன்றவை வேண்டாம்.

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05-06 என்று எழுதினால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற குழப்பம் வரும். `2024-06-05` என்றால் வராது, கால வரிசையிலும் தானே அடுக்கிக்கொள்ளும்.

பில்களுக்கு மட்டும் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும். `05_Receipts_3nos_Rs186400` என்ற பெயரைப் பார்த்த மாத்திரத்தில் மூன்று ரசீது, முழுத்தொகை என்று தெரிகிறது. முதல் தடவை வந்த கேள்வி இந்த ஒரு பெயரால் வராமலே போயிருக்கும்.

இனி ஒரு வாக்குவாதம். எங்கள் ஊரில் ஏஜென்ட் ஒருவர், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக ஆக்கி அனுப்பச் சொல்லுவார். எதுவும் தொலையாது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 43 போட்டோவை விட அது நூறு மடங்கு மேல். ஆனால் 61 பக்கம் ஒரே கோப்பில் போனால், ஒவ்வொன்றையும் வகை குறிக்க வேண்டியவர் அதைப் பிரித்துப் போட வேண்டும். பிரிக்கிறபோது மூன்று ரசீதுகளில் நடுவில் உள்ளது சம்மரியோடு ஒட்டிக்கொண்டு போகும். ஒரு பக்கம் தெளிவில்லை என்று கேட்டால் 61 பக்கத்தையும் திரும்ப அனுப்ப வேண்டும். ஃபார்மில் ஒரு வரிக்கு ஒரு பிடிஎஃப் என்பதுதான் என் கட்சி. மூன்று ரசீதும் ஒரே கோப்பு, பதினொரு மருந்து பில்லும் ஒரே கோப்பு. சில நிறுவனங்களின் வெப்சைட்டில் ஒரே கோப்பைத்தான் ஏற்றவிடும். அங்கே வேறு வழியில்லை. அப்போதும் இதே வரிசையில் சேர்த்து, முதல் பக்கத்தில் எந்த ஆவணம் எந்தப் பக்கம் என்று எழுதி, பக்க எண் போட்டு அனுப்புங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் ஃபார்மின் வரிசையை நானே மீறுகிறேன். மருந்துக்கடை பில் ஏழாம் வரி, மருந்துச் சீட்டு பன்னிரண்டாம் வரி. பில்லைத் தட்டுகிறவர் ஒவ்வொரு பில்லுக்கும் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். சீட்டு இல்லாத பில் கழிக்கப்படும். இரண்டும் இரண்டு கோப்பில் இருந்தால் அவர் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஆகவே 07-க்குள்ளேயே, சீட்டை முதலிலும் அந்தச் சீட்டுக்கு வாங்கிய பில்களை அதன் பின்னாலும் வைத்தேன். தேதி வரிசையில் ஒரு சீட்டு, அதன் பில்கள், அடுத்த சீட்டு, அதன் பில்கள். 12-இல் அட்மிஷனுக்கு எழுதிய சீட்டு மட்டும் தனியாகப் போயிற்று.

இதற்குப் பலன் பின்னால் தெரிந்தது. பணம் வந்தபோது சில கழிவுகள் இருந்தன. கையுறை, பஞ்சு போன்றவை கழிந்தது வழக்கமானது, அதை விட்டுவிட்டோம். ஆனால் 1,180 ரூபாய் மருந்து பில் ஒன்று "சீட்டு இல்லை" என்று கழிந்திருந்தது. அண்ணன் மகன் அதே மெயிலுக்குப் பதிலாக ஒரே வரி எழுதினான்: "கோப்பு 07, பக்கம் 9-இல் சீட்டு, பக்கம் 10-இல் பில்." ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்தத் தொகையும் வந்தது. பழைய 43 படங்களை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

"மற்றவை" என்ற பதிமூன்றாம் வரிதான் நம்மவர்கள் கோட்டைவிடுகிற இடம். எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி `Others.pdf` என்று அனுப்புகிறார்கள். அதைத் திறந்து பார்க்காமலே கேள்வி வரும். 13-லிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, தனிப் பெயர் வையுங்கள். எங்களுக்கு 13 ஸ்டிக்கரும் அதன் இன்வாய்ஸும், 14 ஆம்புலன்ஸ் ரசீது, 15 அட்மிஷனுக்கு முந்தைய செலவு, 16 எப்படி விழுந்தார் என்ற கடிதம், 17 ஆதாரும் பான் கார்டும், 18 பெயர் அச்சிட்ட கேன்சல் செய்த செக். கடிதம் எதற்கு என்றால், அடிபட்ட கேஸ் என்றால் ஃபார்மிலேயே காரணம் கேட்கிறார்கள். சாலை விபத்தா, போலீசுக்குச் சொன்னதா என்று. வீட்டில் வழுக்கி விழுந்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, முதலில் எங்கே கொண்டுபோனோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியும் தீர்ந்தது. ஆதாரும் பானும் ஒரு லட்சத்துக்கு மேல் போகிற கிளெய்ம்களில் கேட்கப்படும்.

மெயிலின் உடலில் வணக்கத்துக்குப் பிறகு நேராகப் பட்டியல்தான். எண், ஆவணம், எத்தனை பக்கம், தொகை இருந்தால் தொகை. கீழே கூட்டுத்தொகை. மெயின் பில் 1,86,400, வெளிக்கடை மருந்து 14,260, அட்மிஷனுக்கு முன்னால் கிளினிக்கில் ஆனது 2,150, ஆம்புலன்ஸ் 1,500. மொத்தம் 2,04,310. இந்தத் தொகை ஃபார்மில் நீங்கள் கேட்டிருக்கும் தொகையோடும் எஃப் அட்டவணையோடும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். நான் கூட்டிப் பார்த்தபோது ஃபார்மில் 2,04,310, கோப்புகளில் 2,02,810. 1,500 குறைந்தது. ஆம்புலன்ஸ் ரசீது யார் கையிலும் இல்லை. தேடியபோது மயினியின் பழைய எக்ஸ்ரே கவருக்குள் கிடந்தது. கூட்டாமல் அனுப்பியிருந்தால் அதற்கு ஒரு கேள்வி, இன்னும் பத்து நாள்.

மெயிலின் தலைப்பு வரி இப்படி:

```
Claim 4417 - Thankam - DOA 2024-06-03 - Mail 1 of 2
```

கிளெய்ம் எண்ணை இங்கே சுருக்கியிருக்கிறேன். நிஜத்தில் முழு எண்ணும் போடுங்கள். "ஹெல்ப் அர்ஜென்ட்" என்று தலைப்பு வைத்தால் அன்றைக்கு வந்த மற்ற அர்ஜென்டுகளோடு அதுவும் கிடக்கும்.

இரண்டு மெயிலாக அனுப்பியதன் காரணம் அளவு. ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம். அதைத் தாண்டினால் அதுவே கூகுள் டிரைவ் லிங்காக மாற்றிவிடும். அனுப்புகிறவருக்கு இணைப்பு போனமாதிரியே இருக்கும், அங்கே திறந்தால் அனுமதி கேட்டு நிற்கலாம். கம்பெனிப் பெட்டிகள் பல 25 வரை ஏற்பதும் இல்லை. எங்களுக்கு வந்த பதிலின் அடியில் 10 எம்பி என்று போட்டிருந்தது. அதிலும் மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். ஆகவே 10 என்றால் 7-க்குள் நிறுத்துங்கள். எங்கள் 61 பக்கமும் சேர்ந்து 11 எம்பி. 01 முதல் 09 வரை ஒரு மெயில், 10 முதல் 18 வரை இன்னொன்று. இரண்டிலும் முழுப் பட்டியலையும் போட்டோம், எது எந்த மெயிலில் என்ற குறிப்போடு. அனுப்பி ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டியைத் திரும்பப் பாருங்கள். `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஏதாவது வந்திருந்தால் மெயில் போய்ச் சேரவில்லை என்று பொருள். நிறையப் பேர் அதை விளம்பரம் என்று நினைத்துத் திறப்பதில்லை.

ஸ்கேன் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போனில் உள்ள கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, பல பக்கத்தையும் ஒரே பிடிஎஃப்பாக ஆக்கித் தரும். வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்புங்கள், சுருங்காது. மருந்துக்கடையில் வழுவழுப்பான தாளில் வரும் பில் நாளடைவில் மங்கிப்போகும், வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, பூட்டுப் போட்ட பிடிஎஃப். டவுன்லோட் செய்த ஆதாரும் சில லேப் ரிப்போர்ட்டும் பாஸ்வேர்டு கேட்கும். நமக்குத் திறக்கும், அவர்களுக்குத் திறக்காது. திறந்து, பிரின்ட் கொடுக்கிற இடத்தில் பிடிஎஃப்பாகச் சேமித்தால் பூட்டு இல்லாத நகல் கிடைக்கும். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் வீட்டில் வேறொருவர் மெயிலுக்கு அனுப்பி, அவர் போனில் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். தலைகீழாக இருப்பதும் பூட்டியிருப்பதும் அப்போதே தெரியும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு, பெயரின் ஆங்கில எழுத்து. இங்கே பழைய காகிதங்களில் மலையாள வழக்கப்படி `Thankam` என்று இருக்கும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருக்கிற பிள்ளை `Thangam` என்று அடிக்கும். மருந்துக்கடைக்காரர் காதில் விழுந்தபடி `Tangamma` என்று எழுதுவார். பில் நோயாளியின் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தலைப்பு வரியிலும் நம் பட்டியலிலும் பாலிசியில் உள்ள எழுத்தையே போடுங்கள். ஆனால் கோப்பின் பெயரை மாற்றியதால் பில்லில் உள்ள பெயர் மாறாது. ஆஸ்பத்திரிக் காகிதத்தை டிஸ்சார்ஜ் அன்றைக்கே திருத்தி வாங்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டால் திருத்தி முத்திரை வைத்துத் தருவார்கள். நாமே பேனாவால் திருத்தக் கூடாது.

மெயில் போனதோடு எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பல பாலிசிகளில் அசல் பில்லைக் கூரியரில் கேட்பார்கள். அதற்கும் இதே எண்தான். ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையில் பென்சிலால் 03, 07 பக்கம் 4 என்று குறித்து, அதே வரிசையில் அடுக்கி அனுப்பினோம். அசலையும் நகலையும் ஒப்பிடுகிறவருக்கு வேலை எளிது. நமக்கும் எதை அனுப்பினோம் என்பதற்குக் கணக்கு.

கேள்வி வந்தால், அந்தக் கேள்வி மெயிலுக்கே பதில் அனுப்புங்கள், தலைப்பை மாற்றாதீர்கள். புதிதாக ஒரு மெயில் தொடங்கினால் அது இன்னொரு மேசைக்குப் போகும். கேட்டதை மட்டும் அனுப்புங்கள். புதிய ஆவணத்துக்கு 19, 20 என்று எண் தொடரட்டும். ஏற்கனவே அனுப்பியதைத் தெளிவாக எடுத்து மறுபடி அனுப்பினால் பழைய எண்ணோடு `_v2` சேருங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு போனால் எது சரி என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் விஷயத்தில் முதல் 43 படம் அவ்வளவு குழப்பமாக இருந்ததால், "19-06-இல் அனுப்பியவற்றுக்குப் பதிலாக இவற்றைக் கொள்ளவும்" என்று எழுதி முழுவதையும் மாற்றினோம். இது விதிவிலக்கு.

ஜூலை 6ஆம் தேதி அனுப்பினோம். ஜூலை 19ஆம் தேதி கணக்கில் பணம் வந்தது. அந்த வாரமே நகையைத் திருப்பினார்கள். ஒழுங்காக அடுக்கி அனுப்பினால் தராத கிளெய்மைத் தந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பாலிசியில் காத்திருப்புக் காலம் முடியாத நோய், அறை வாடகை உச்சவரம்பு, இதையெல்லாம் கோப்பின் பெயர் மாற்றாது. ஆவணம் இல்லை என்று சொல்லி இழுப்பதற்கு மட்டும் இடமிருக்காது. பின்னால் புகார் என்று போனாலும் உங்கள் கையில் தேதியோடும் எண்ணோடும் பட்டியல் இருக்கும். முதலில் கம்பெனியிடமே எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால்தான் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே "எல்லாம் அனுப்பினேன் சார்" என்பதை விட "05ஆம் கோப்பு, ஜூலை 6" என்பது வலுவான பேச்சு.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மயினியின் பாலிசியில் 60 நாள் வரை மருந்து, பிசியோதெரபி எல்லாம் உண்டு. அதாவது ஆகஸ்ட் 9 வரை. அதன்பின் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதை ஆகஸ்ட் 14-இல் அனுப்பினோம். அதே கிளெய்ம் எண், 21-லிருந்து எண் தொடங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் மீண்டும் ஒரு முறை சேர்த்தோம். ஏனென்றால் அதில்தான் பிசியோதெரபி செய்யச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார்.

யாருக்காவது கிளெய்ம் நிலுவையில் இருந்தால், உங்கள் கோப்புப் பெயர்களை மட்டும் பட்டியலாக எழுதி எனக்குத் தனியாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பில்லையோ ஆதாரையோ இங்கே கீழே போட்டோவாகப் போட்டுவிடாதீர்கள். போன தடவை ஒருவர் செக்கையே போட்டுவிட்டார், அழிக்கச் சொல்ல நடுராத்திரியில் போன் பண்ண வேண்டியதாயிற்று.